லேபிளில் 24%... குழந்தைக்கு 70%! பாக்கெட் சர்க்கரையை டீஸ்பூனில் கணக்கிடுவது எப்படி?

சூப்பர் மார்க்கெட்டில் மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைக் கையில் எடுத்து, முதுகுப் பக்கம் திருப்பிப் பார்க்கும் பழக்கம் இப்போது பலருக்கும் வந்துவிட்டது. பொடி எழுத்தில் ஒரு கட்டம். அதில் ‘ஆடட் சுகர் - 12 கிராம்’ என்று ஒரு வரி. அதே வரியின் கடைசியில் ‘24%’.

‘நூற்றுக்கு 24தானே, கால் பங்குகூட இல்லையே’ என்று நினைத்து பாக்கெட்டைக் கூடையில் போட்டுவிடுகிறோம். அந்த 24 பொய்யான எண் இல்லை. அரசு விதிப்படி சரியாகக் கணக்கிட்டு அச்சடித்ததுதான். ஆனால், அந்த பாக்கெட்டை முழுதாகக் குடிக்கப்போவது ஒன்றாம் வகுப்பு படிக்கும் ஆறு வயதுப் பிள்ளை என்றால், அவருக்கான உண்மையான எண் கிட்டத்தட்ட 70. இடையில் என்ன நடக்கிறது? அதைத் தெரிந்துகொள்ள வகுத்தல் கணக்கு மட்டும் போதும், கால்குலேட்டர்கூட வேண்டாம்.

நான்கால் வகுத்தால் ஸ்பூன்

12 கிராம் என்றால் எவ்வளவு என்று கண் முன் வருவதில்லை. 3 டீஸ்பூன் என்றால் உடனே வந்துவிடும். அதனால் முதல் வேலை, கிராமை ஸ்பூனாக மாற்றுவது.

அளவுக்கென்றே விற்கும் டீஸ்பூன் 5 மில்லி கொள்ளும். அதில் சாதாரண வெள்ளைச் சர்க்கரையைத் தலைதட்டி எடுத்தால் 4 கிராமுக்குச் சற்று மேல் இருக்கும். அந்தச் சொச்சத்தை விட்டுவிட்டு, ஒரு ஸ்பூன் 4 கிராம் என்றே எல்லோரும் கணக்கு வைக்கிறார்கள். ஆக, லேபிளில் இருக்கும் கிராமை 4-ஆல் வகுத்தால் ஸ்பூன். 12 கிராம் என்றால் 3 ஸ்பூன், 30 கிராம் என்றால் ஏழரை.

இதில் ஒரு சிக்கல், நம் வீட்டு ஸ்பூன். சர்க்கரை டப்பாவில் கிடக்கும் ஸ்பூன் அளவு ஸ்பூன் இல்லை. அதை நாம் தலைதட்டுவதும் இல்லை, கோபுரமாகக் குவித்துத்தான் போடுகிறோம். அப்படி எடுத்தால் ஒரு ஸ்பூனே 6, 7 கிராம்வரை போகும். கேக் செய்ய வாங்கிய சின்ன எடை மெஷின் வீட்டில் இருந்தால், வழக்கமாகப் போடும் விதத்திலேயே 10 ஸ்பூன் சர்க்கரையை எடுத்து நிறுத்துப் பாருங்கள். வரும் எடையை 10-ஆல் வகுத்தால் அதுதான் உங்கள் வீட்டு ஸ்பூன். ஒரே ஒரு ஸ்பூனை நிறுத்தால் மெஷின் சரியாகக் காட்டாது என்பதால்தான் பத்து.

ஐந்தால் வகுத்தால் கலோரிப் பங்கு

அடுத்து, அந்தச் சர்க்கரை ஒரு நாள் சாப்பாட்டில் எவ்வளவு இடத்தைப் பிடிக்கிறது என்ற கேள்வி. ஒரு கிராம் சர்க்கரை உடலுக்குத் தருவது 4 கலோரி. (லேபிளில் ‘கிலோ கலோரி’ என்று இருக்கும். பேச்சு வழக்கில் நாம் கலோரி என்பதும் அதைத்தான்.) அப்படியென்றால் 12 கிராம் சர்க்கரை 48 கலோரி.

லேபிள் கணக்கில் ஒரு சராசரிப் பெரியவரின் ஒரு நாள் தேவை 2000 கலோரி. 2000-ல் 48 என்பது 2.4 சதவிகிதம். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. கிராமை 5-ஆல் வகுத்தால் நேராக இந்தப் பங்கு வந்துவிடும். 12-ஐ 5-ஆல் வகுத்தால் 2.4. 25 கிராம் என்றால் 5 சதவிகிதம், 50 கிராம் என்றால் 10 சதவிகிதம்.

இந்த 5, 10 என்ற இரண்டு எண்களையும் சும்மா சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இந்த வகைச் சர்க்கரையிலிருந்து வரும் கலோரி ஒரு நாள் மொத்தத்தில் 10 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் 5 சதவிகிதத்துக்கும் கீழே கொண்டுவருவது இன்னும் நல்லது என்று சொன்னது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதலும், 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 25 கிராமைத் தாண்டினாலே அதிகம் என்கிறது. ஸ்பூனில் சொன்னால், வெளிக்கோடு பன்னிரண்டரை ஸ்பூன், உள்கோடு ஆறேகால் ஸ்பூன்.

அப்போ அந்த 24% என்ன?

நம் கணக்கில் 12 கிராமுக்கு வந்தது 2.4 சதவிகிதம். லேபிளில் இருப்பதோ 24. பத்து மடங்கு வித்தியாசம். இரண்டில் எது தப்பு?

இரண்டுமே சரிதான். நாம் கணக்கிட்டது, ஒரு நாளின் மொத்த கலோரியில் பங்கு. லேபிளில் இருப்பது, ஒரு நாளுக்கு அனுமதிக்கப்பட்ட சர்க்கரையில் பங்கு. உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ-யின் 2020-ம் ஆண்டு லேபிள் விதிகளில் அந்த ஒரு நாள் அளவு 50 கிராம் என்று வைக்கப்பட்டிருக்கிறது. 50-ல் 12 என்றால் 24 சதவிகிதம். ‘ஆர்.டி.ஏ.’ என்ற தலைப்பின் கீழ் இருக்கும் சதவிகிதம் இதுதான். கிராமை இரண்டால் பெருக்கினால் அது வரும்.

இதைத் தலைகீழாகவும் பயன்படுத்தலாம். சில பாக்கெட்டுகளில் கிராம் இருக்கும் இடம் மடிப்பில் போய்விடும், அல்லது அழிந்திருக்கும். சதவிகிதம் மட்டும் தெரிந்தால், அதைப் பாதியாக்கினால் கிராம் கிடைத்துவிடும். 24%-ல் பாதி 12.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அந்த 50 கிராம் என்பது 10 சதவிகிதக் கோடு, அதாவது வெளிக்கோடு. லேபிள் 100% காட்டும்போது நாம் எல்லையின் விளிம்பில் நிற்கிறோம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்லும் 25 கிராமை வைத்துப் பார்த்தால், லேபிளில் 50% வந்தாலே அன்றைய கணக்கு முடிந்துவிடுகிறது.

ஒரு பாக்கெட், முழுக் கணக்கு

இப்போது ஒரு மாதிரி லேபிளை எடுத்துக்கொள்வோம். எந்த கம்பெனியின் லேபிளும் இல்லை, கணக்குக்காக வைத்துக்கொண்டது. 200 மில்லி மாம்பழ ஜூஸ் பாக்கெட். கட்டத்தில் 100 மில்லிக்கு டோட்டல் சுகர் 14 கிராம், ஆடட் சுகர் 12 கிராம். அதற்கும் மேலே, பலர் படிக்காமல் விட்டுவிடும் வரியில், ‘ஒரு சர்வ் - 100 மில்லி, பாக்கெட்டில் 2 சர்வ்’ என்று இருக்கிறது. அந்த 24% ஒரு சர்வுக்கானது.

ஸ்ட்ரா குத்திய ஜூஸ் பாக்கெட்டைப் பாதி குடித்துவிட்டு மீதியை நாளைக்கு வைக்கும் பிள்ளையை யாராவது பார்த்திருக்கிறோமா? முழுதாகத்தான் குடிக்கும். அதனால் 12 கிராமை இரண்டால் பெருக்க வேண்டும். 24 கிராம். நான்கால் வகுத்தால் 6 ஸ்பூன். கலோரி 96. ஐந்தால் வகுத்தால், 2000 கலோரியில் 4.8 சதவிகிதம். லேபிள் பாணியில் சொன்னால் 48%.

எல்லா பாக்கெட்டிலும் இப்படி இருக்காது. சிலவற்றில் முழு பாக்கெட்டே ஒரு சர்வ். சிலவற்றில் மூன்றில் ஒரு பங்கு. பிஸ்கட்டில் இரண்டோ மூன்றோ பிஸ்கட் ஒரு சர்வ் என்று இருக்கலாம். எனவே, முதலில் பார்க்க வேண்டியது சர்க்கரை வரியை இல்லை, சர்வ் அளவை. அது குழப்பினால் ‘100 கிராமுக்கு’ என்ற கட்டத்தை எடுத்துக்கொண்டு, நாம் உண்மையில் சாப்பிடும் அளவால் பெருக்கிக்கொள்வது பாதுகாப்பான வழி. 40 கிராம் சாப்பிட்டால் 0.4-ஆல் பெருக்க வேண்டும்.

யாருடைய 2000 கலோரி?

இங்கேதான் அந்த 70 வருகிறது. 2000 கலோரி என்பது சராசரிப் பெரியவருக்கு. ஐ.சி.எம்.ஆரும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020-ல் வெளியிட்ட பட்டியலின்படி 4 முதல் 6 வயதுக் குழந்தையின் ஒரு நாள் தேவை சுமார் 1360 கலோரிதான். 7 முதல் 9 வயதுக்கு 1700.

1360-ல் 10 சதவிகிதம் 136 கலோரி. அதை 4-ஆல் வகுத்தால் 34 கிராம். அதாவது எட்டரை ஸ்பூன். இதுதான் அந்தக் குழந்தையின் வெளிக்கோடு. உள்கோடு அதில் பாதி, 17 கிராம், நான்கு ஸ்பூனுக்குச் சற்று மேல்.

ஜூஸ் பாக்கெட்டில் இருப்பது 24 கிராம். 34-ல் 24 என்றால் சுமார் 70 சதவிகிதம். உள்கோட்டை அது ஏற்கெனவே தாண்டிவிட்டது. காலைப் பாலில் போட்ட சர்க்கரை, மாலை பிஸ்கட் எதையும் இன்னும் சேர்க்கவே இல்லை.

லேபிளின் எழுத்துகளில் பொய் எதுவும் இல்லாமலேயே 24, 70 ஆகிவிட்டது. ஒரு முறை, பாதி பாக்கெட்டை சர்வ் என்று சொன்னதால். இன்னொரு முறை, பெரியவரின் அளவுகோலால் குழந்தையை அளந்ததால். அட்டையில் கார்ட்டூன் பொம்மை போட்டு விற்கும் பொருளுக்குக்கூட அளவுகோல் அதே பெரியவரின் 2000 கலோரிதான் என்பது கொஞ்சம் வேடிக்கையான விஷயம்.

பெரியவர்களிலும் எல்லோருக்கும் 2000 பொருந்தாது. அதே பட்டியலில், அதிகம் உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கு 1660 கலோரி என்று இருக்கிறது. உங்கள் கலோரித் தேவையை 40-ஆல் வகுத்தால் உங்களுக்கான வெளிக்கோடு கிராமில் வந்துவிடும். 1660-ஐ 40-ஆல் வகுத்தால் நாற்பத்தொன்றரை கிராம், சுமார் பத்து ஸ்பூன். லேபிள் சொல்லும் 50-ஐவிட இரண்டு ஸ்பூன் குறைவு.

டோட்டல் சுகரா, ஆடட் சுகரா?

கட்டத்தில் சர்க்கரைக்கு இரண்டு வரிகள் இருக்கும். ‘டோட்டல் சுகர்’ என்பது பொருளில் இயற்கையாக இருப்பதும் மேலே சேர்த்ததும் கூட்டி. ‘ஆடட் சுகர்’ என்பது சேர்த்தது மட்டும். ஸ்பூன் கணக்குக்கு எடுக்க வேண்டியது இரண்டாவதை.

பாதாம் பால், ஸ்ட்ராபெர்ரி பால் போன்ற பாட்டில்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். 200 மில்லி பாட்டிலில் டோட்டல் சுகர் 24 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பாலிலேயே லாக்டோஸ் என்ற சர்க்கரை 100 மில்லிக்கு சுமார் 5 கிராம் இருக்கும். அப்படியானால் அதில் 10 கிராம் மாட்டுக்குச் சொந்தம். கம்பெனி சேர்த்தது 14 கிராம், மூன்றரை ஸ்பூன். லேபிளில் ஆடட் சுகர் 14-க்கு அருகில் இருக்கிறதா என்று சரிபார்த்துக்கொள்ளலாம். எப்போதும் டோட்டலைவிட ஆடட் குறைவாகவோ சமமாகவோதான் இருக்க முடியும். கூடுதலாக இருந்தால் அச்சுப் பிழை.

ஆனால், ஆடட் சுகர் பூஜ்யம் என்று போட்டிருந்தால் நிம்மதி என்றும் முடிவு கட்டிவிட முடியாது. நூறு சதவிகிதம் பழச்சாறு என்று விற்கும் ஆப்பிள் ஜூஸில் எதையும் சேர்க்காமலேயே 100 மில்லிக்கு சுமார் 10 கிராம் சர்க்கரை இருக்கும். 200 மில்லி டம்ளரில் 5 ஸ்பூன். உலக சுகாதார நிறுவனத்தின் 10 சதவிகிதக் கணக்கில் பழச்சாற்றின் சர்க்கரையும் தேனும் சேரும். முழுப் பழமாகக் கடித்துச் சாப்பிடும்போது மட்டும் சேராது. அதனால் ஜூஸ் பாட்டிலுக்கு மட்டும் டோட்டல் சுகர் வரியை எடுத்து நான்கால் வகுப்பது நல்லது.

‘வெள்ளைச் சர்க்கரை இல்லை, நாட்டுச் சர்க்கரை மட்டுமே’ என்று அட்டையில் பெரிதாகப் போட்ட பிஸ்கட்டுக்கும் இதே கணக்குதான். வெல்லமும் கிராமுக்கு ஏறக்குறைய அதே 4 கலோரியைத்தான் தரும்.

ஆறு வயதுப் பிள்ளையின் ஒரு நாள்

ஒரு நாள் முழுக்கக் கூட்டிப் பார்க்கலாம். இங்கேயும் எண்கள் மாதிரிக்குத்தான். உங்கள் வீட்டு பாக்கெட்டைப் பார்த்து மாற்றிக்கொள்ளுங்கள்.

காலையில் பாலில் சாக்லேட் சுவை சத்துமாவு பவுடர், 20 கிராம். அந்த ஜாடியின் லேபிளில் 100 கிராமுக்கு ஆடட் சுகர் 32 கிராம் என்றால், இதில் 6.4 கிராம். குழந்தை குடிக்கட்டும் என்று வீட்டில் மேலே போடும் ஒரு ஸ்பூன் சர்க்கரை 4 கிராம். ஸ்கூல் ஸ்நாக்ஸ் டப்பாவில் நான்கு கிரீம் பிஸ்கட், 40 கிராம். 100 கிராமுக்கு 35 என்றால் அதில் 14 கிராம். மாலையில் அந்த ஜூஸ் பாக்கெட், 24. இரவு சப்பாத்தி ரோலுக்கு ஒரு டேபிள் ஸ்பூன் தக்காளி சாஸ், 3.6 கிராம்.

மொத்தம் 52 கிராம். 13 ஸ்பூன், 208 கலோரி. பெரியவரின் 2000-ல் இது பத்து சதவிகிதத்தைத் தொட்டு நிற்கும். குழந்தையின் 1360-ல் 15 சதவிகிதத்துக்கு மேல்.

இது மிகைப்படுத்திய கணக்கு என்று தோன்றினால், சி.பி.எஸ்.இ. 2025 மே மாதம் பள்ளிகளில் ‘சுகர் போர்டு’ வைக்கச் சொல்லி அனுப்பிய சுற்றறிக்கையைப் பார்க்கலாம். 4 முதல் 10 வயதுக் குழந்தைகளின் தினசரி கலோரியில் 13 சதவிகிதம் சர்க்கரையிலிருந்து வருகிறது என்றும், இருக்க வேண்டியது 5 சதவிகிதம் என்றும் அது சொன்னது. 1360 கலோரிக் குழந்தைக்கு 13 சதவிகிதம் என்பது 11 ஸ்பூன்.

கணக்கை ஸ்பூனாக மாற்றுவதில் ஒரு லாபம், எங்கே கைவைத்தால் பலன் என்று தெரிவது. வழக்கமாக வீட்டில் சண்டை சாஸுக்குத்தான் நடக்கும். சாஸை அடியோடு நிறுத்தினாலும் குறைவது ஒரு ஸ்பூன்கூட இல்லை. ஜூஸ் பாக்கெட்டை மட்டும் எடுத்துவிட்டால் 52 என்பது 28 ஆகிவிடும். 7 ஸ்பூன், சுமார் 8 சதவிகிதம். மற்ற எதையும் தொடாமலேயே வெளிக்கோட்டுக்குள் வந்தாயிற்று. பாலில் மேலே போடும் ஒரு ஸ்பூனையும், பிஸ்கட்டில் இரண்டையும் குறைத்தால் 17 கிராம். உள்கோட்டையே தொட்டுவிடலாம்.

அந்த சாக்லேட் பவுடரைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு வேளைக்கு ஒன்றரை ஸ்பூன் என்பது பெரிதாகத் தெரியாது. அதே ஜாடியை முழுதாக எடுத்துக்கொண்டால், அரை கிலோவில் 160 கிராம் சர்க்கரை, அதாவது 40 ஸ்பூன். சத்து விலைக்கு வாங்கும் ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு சர்க்கரை. இப்படிப்பட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ பிரிவில் வைத்து விற்க வேண்டாம் என்று ஆன்லைன் விற்பனைத் தளங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகம் 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

சர்க்கரை நோயாளிகளுக்கு இது போதாது

ஆடட் சுகர் குறைவு என்பதற்காக அந்தப் பொருள் ரத்தச் சர்க்கரையை ஏற்றாது என்று அர்த்தம் இல்லை. மைதா பிஸ்கட்டில் இருக்கும் மாவுச்சத்து, சர்க்கரை வரியில் வராது. மேலே உள்ள ‘கார்போஹைட்ரேட்’ வரியில்தான் இருக்கும். சர்க்கரை நோய் உள்ளவர்கள் பார்க்க வேண்டியது அந்த வரியை. எவ்வளவு சாப்பிடலாம் என்பதை அவரவர் டாக்டர்தான் சொல்ல முடியும். இந்த ஸ்பூன் கணக்கு, வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து எவ்வளவு இனிப்பு உள்ளே போகிறது என்று பார்ப்பதற்கு மட்டும்.

லேபிளே இல்லாத டம்ளர்

குழந்தையின் ஜூஸைக் கணக்கு பார்க்கும் பெரியவர்களுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. காலையில் ஒரு காபி, பதினோரு மணிக்கு ஒரு டீ, மாலையில் இன்னொரு காபி. ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் தலைதட்டிப் போட்டாலே 6 ஸ்பூன், 24 கிராம். 25 கிராம் என்ற உள்கோட்டுக்கு மீதி ஒரு கிராம்தான். கோபுரமாகப் போடுபவர் என்றால் 36 கிராமைத் தாண்டியிருப்பார். டீக்கடை டம்ளரின் முதுகில் திருப்பிப் பார்க்க எந்தக் கட்டமும் இல்லை. மாஸ்டர் சர்க்கரை போடுவதற்கு முன்பே ‘அண்ணே, சுகர் கம்மி’ என்று சொன்னால்தான் உண்டு.